மேனேஜர் சொன்ன ஆடிட்டர்

கோயம்புத்தூர் கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ புதிதாக லேத் பட்டறை போடுகிறவர் நோட்டீஸ் அடிக்கலாம், ரோட்டோரம் ஃபிளெக்ஸ் கட்டலாம், கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி “ஜாப் ஒர்க் இருந்தா குடுங்க” என்று கேட்கலாம். அதே தெருவில் மாடியறை பிடித்து அலுவலகம் திறக்கும் ஆடிட்டருக்கு இந்த வழிகள் அடைபட்டிருக்கின்றன. 1949ஆம் ஆண்டின் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்ஸ் சட்டம், சுற்றறிக்கை அனுப்பியோ நேரில் போயோ வேறு எப்படியோ வேலை கேட்பதைத் தொழில் ஒழுங்கீனம் என்கிறது. விளம்பர விதிகளை இன்ஸ்டிடியூட் அவ்வப்போது திருத்தி வந்தாலும், வலியப் போய் “எனக்கு வேலை கொடுங்கள்” என்று கேட்கக் கூடாது என்ற அடிப்படை மாறவில்லை.

அப்படியானால் அந்த ஊரில் அப்பா ஆடிட்டராக இல்லாத, மாமனார் மில் முதலாளியாக இல்லாத ஒருவருக்கு முதல் இருபது முப்பது கிளையன்ட்டுகள் எங்கிருந்து வருகிறார்கள்? தொழில் நகரங்களில் கேட்டுப் பார்த்தால் பதில் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, தொழில் சங்கம். மற்றொன்று, பேங்க். “மேனேஜர் சொன்னாருங்க, உங்களப் பாக்கச் சொல்லி” என்று சொல்லிக்கொண்டு படியேறி வருகிறவர்தான் பல ஆடிட்டர்களின் தொழிலுக்கு அஸ்திவாரம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைப் பழக்கவழக்கம், டீ, டின்னர், தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஸ்வீட் பாக்ஸுக்காக எந்த மேனேஜரும் இரண்டாவது முறை ஒருவர் பெயரைச் சொல்வதில்லை. சிபாரிசு என்பது சொல்கிறவரும் சேர்ந்து பொறுப்பேற்கிற காரியம். சம்பந்தம் பேசி வைத்தவரை, கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வீட்டாரும் பிடித்துக் கேட்பதைப் போல. எனவே பேங்க் மேனேஜருக்கு எதில் பயம், சங்கத்துக்காரருக்கு எதில் கூச்சம் என்று புரிந்துகொண்ட ஆடிட்டருக்குத்தான் இந்த இரண்டு கதவும் திறக்கின்றன.

மேனேஜருக்கு என்ன பயம்?

சிறுதொழில் கடன் கொடுக்கும் பேங்க் மேனேஜருக்கு இரண்டு தலைவலிகள். முதலாவது, ஃபைல் திரும்பி வருவது. இப்போது பல பேங்குகளில் ஒரு அளவுக்கு மேற்பட்ட தொழில் கடன்களைக் கிளையிலேயே பரிசீலிப்பதில்லை. விண்ணப்பம் தனிச் செயலாக்க மையத்துக்குப் போகிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரி பார்ட்டியைப் பார்த்ததே இல்லை. அவருக்கு முன்னால் இருப்பவை காகிதங்கள் மட்டும்: வருமான வரி ரிட்டர்ன், பேலன்ஸ் ஷீட், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மென்ட். இவற்றில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ஒரு தொகை கண்ணில் பட்டால் ‘குவரி’ போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். மேனேஜர் பார்ட்டியைக் கூப்பிட, பார்ட்டி ஆடிட்டரைக் கூப்பிட, ஆடிட்டர் வேறு வேலையில் இருக்க, பதினைந்து நாள் போய்விடும். பதில் போனால் அடுத்த குவரி வரும்.

இரண்டாவது தலைவலி இதைவிடப் பெரியது. கொடுத்த கடன் கொஞ்ச மாதங்களிலேயே வாராக்கடன் ஆவது. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு என்.பி.ஏ. ஆகிவிடும். கடன் கொடுத்த சூட்டோடு அது நடந்தால், ‘அன்றைக்கு எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாய்?’ என்ற விசாரணை மேனேஜர் மேல் திரும்பும். அவர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தாலும் அந்த விசாரணை அவரைத் தேடிப் போகும்.

இந்த இரண்டையும் குறைத்துக் கொடுக்கும் ஆடிட்டரின் பெயர்தான் மேனேஜரின் வாயில் வருகிறது. எவ்வளவு பெரிய தொகையையும் வாங்கிக் கொடுத்துவிடுவார் என்று பெயரெடுத்தவர் பார்ட்டிகளுக்குப் பிடித்தவராக இருக்கலாம். மேனேஜர் தேடுவதோ, ‘இந்த ஆபீஸிலிருந்து வந்த ஃபைல் என்றால் கூட்டிப் பார்க்கத் தேவையில்லை’ என்று நம்பக்கூடிய ஒருவரை.

ஒரு ஃபைலைப் பிரித்துப் பார்ப்போம்

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று ஒரு உதாரண யூனிட்டை எடுத்துக்கொள்வோம். பம்பு செட்டுக்கான பாகங்களைக் கடைசல் செய்து கொடுக்கும் சிறிய பட்டறை. போன வருட விற்பனை 1 கோடியே 80 லட்ச ரூபாய். பேங்கில் ஏற்கெனவே 30 லட்சத்துக்கு சி.சி. லிமிட், அதாவது தேவைக்கேற்ப எடுத்துப் போடக்கூடிய நடைமுறை மூலதனக் கடன். உரிமையாளர் அதை 75 லட்சமாக உயர்த்திக் கேட்கிறார்.

“75 எதுக்குங்க?” என்று ஆடிட்டர் கேட்கிறார்.

“மெஷின் ஒண்ணு 28 லட்சத்துக்குப் பாத்து வச்சிருக்கேனுங்க. மிச்சம் கையில இருக்கட்டும்னுதான். மேனேஜர் சாரு புராஜெக்‌ஷன் போட்டுக் கொண்டாங்கன்னாரு. நீங்க போட்டுக் குடுத்தீங்கன்னா முடிஞ்சிரும்.”

இங்கேதான் இரண்டு வழிகள் பிரிகின்றன. சிறுதொழில்களுக்கான நடைமுறை மூலதனத்தை பேங்குகள் கணக்கிடும் எளிய முறை ஒன்று உண்டு. நாயக் கமிட்டி சொன்னது, இன்றும் புழக்கத்தில் இருப்பது. அடுத்த வருடம் எதிர்பார்க்கும் விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனமாகத் தேவைப்படும். அதில் 5 சதவீதத்தை உரிமையாளர் போட வேண்டும், 20 சதவீதத்தை பேங்க் கொடுக்கும். இதைத் தலைகீழாகப் போட்டால் 75 லட்சம் லிமிட்டுக்கு 3 கோடியே 75 லட்சம் விற்பனை காட்ட வேண்டும். போன வருடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! கம்ப்யூட்டரில் தட்டினால் அரை மணி நேரத்தில் அப்படி ஒரு புராஜெக்‌ஷன் தயாராகிவிடும். தயாரித்துக் கொடுக்கும் ஆட்களும் ஊரில் இருக்கிறார்கள்.

நம் ஆடிட்டர் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்களை மாதவாரியாக எடுத்துப் பார்க்கிறார். போன வருடச் சராசரி மாதம் 15 லட்சம். கடைசி மூன்று மாதம் 18 லட்சத்தைத் தொட்டிருக்கிறது. புதிதாக ஒரு பம்பு கம்பெனி எழுத்தில் ஆர்டர் கொடுத்திருக்கிறது. ஆக, அடுத்த வருடம் 2 கோடியே 25 லட்சம் என்று சொன்னால் யார் கேட்டாலும் காரணம் காட்ட முடியும். அதில் 20 சதவீதம் 45 லட்சம். உரிமையாளர் போட வேண்டிய பங்கு 11 லட்சத்து 25 ஆயிரம்.

அடுத்து மெஷின். சி.சி. கணக்கிலிருந்து 28 லட்சத்தை எடுத்து மெஷின் வாங்கினால் என்ன ஆகும்? அந்தப் பணம் ஐந்து வருடத்தில்தான் சிறுகச் சிறுகத் திரும்பும். சி.சி. கணக்கோ இரும்பு வாங்க, கூலி கொடுக்கச் சுழல வேண்டியது. ஆறு மாதத்தில் கணக்கு உச்சவரம்பிலேயே நின்றுவிடும். ஆர்டர் இருந்தும் மெட்டீரியல் வாங்கக் காசு இருக்காது. நல்ல பட்டறைகள் முடங்கிய கதைகள் பலவற்றுக்கும் மூலம் இதுதான். எனவே மெஷினுக்குத் தனியாக டேர்ம் லோன். 25 சதவீதமான 7 லட்சத்தை உரிமையாளர் போடுகிறார். 21 லட்சம் கடன், ஐந்து வருடத் தவணை. முதல் வருடம் அசலும் வட்டியுமாக 6 லட்சத்துச் சொச்சம் கட்ட வேண்டும். லாபம், தேய்மானம், அந்தக் கடனின் வட்டி மூன்றையும் கூட்டினால் யூனிட்டிடம் 12 லட்சம் இருக்கிறது. அடைப்பதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பேங்குக்கு இது நிம்மதியான விகிதம்.

கேட்டது 75. ஆடிட்டர் எழுதிக் கொடுத்தது 45ம் 21ம் சேர்த்து 66. உரிமையாளருக்கு முகம் சுருங்கத்தான் செய்யும். கையிலிருந்து 18 லட்சம் போட வேண்டும் என்பது அதைவிடக் கசக்கும். அந்தப் பணம் உண்மையிலேயே இருக்கிறதா என்று அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது. இல்லையென்றால் மெஷினை ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்ல வேண்டியதுதான்.

ஃபைல் இன்னும் முடியவில்லை. உரிமையாளர் கொண்டுவந்த வரவேண்டிய பாக்கிப் பட்டியலில் 54 லட்சம் இருக்கிறது. அதில் 14 லட்சம் ஒரே பார்ட்டி தர வேண்டியது. ஏழு மாதமாக அசையவில்லை. 90 நாளுக்கு மேற்பட்ட பாக்கியை பேங்குகள் பொதுவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆடிட்டர் அதைத் தனியே எடுத்து வைக்கிறார். மீதி 40 லட்சம் பாக்கி, 28 லட்சம் ஸ்டாக். மெட்டீரியல் கொடுத்தவர்களுக்குத் தர வேண்டிய 8 லட்சத்தைக் கழித்தால் 60 லட்சம். பேங்க் இதில் கால் பங்கை மார்ஜினாகப் பிடித்தால் எடுக்கக்கூடியது 45 லட்சம். முன்பு விற்பனையை வைத்துக் கணக்கிட்ட லிமிட்டும் அதுவே. பழைய பாக்கியையும் சேர்த்துக் காட்டியிருந்தால் 55 லட்சத்துக்கு மேல் வந்திருக்கும். முதல் ஸ்டாக் ஆடிட்டிலேயே அது வெளுத்துப்போயிருக்கும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். பேலன்ஸ் ஷீட்டில் விற்பனை 1 கோடியே 80 லட்சம், ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் 1 கோடியே 83 லட்சத்து 20 ஆயிரம். வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பழைய லேத் ஒன்றை 3 லட்சத்து 20 ஆயிரத்துக்கு விற்றிருக்கிறார். ஜி.எஸ்.டி.யில் அது விற்பனை. கணக்குப் புத்தகத்தில் சொத்துக் கழிவு. இரண்டுமே சரி. ஆனால் செயலாக்க மையத்து அதிகாரி கண்ணுக்கு அது ஓட்டை. ஆடிட்டர் ஒரே பக்கத்தில் குறிப்பு எழுதி ஃபைலின் மேலே வைக்கிறார்: இந்த வித்தியாசம் இதனால், இந்த 14 லட்சம் சேர்க்கப்படவில்லை, இந்த வளர்ச்சிக்கு ஆதாரம் இந்த ஆர்டர்.

குவரி இல்லாமல் கடன் கைக்கு வருகிறது. சில வாரம் கழித்து மேனேஜரிடமிருந்து போன்: “சார், இன்னொரு பார்ட்டி இருக்காங்க. பேப்பர் எல்லாம் கொஞ்சம் குழப்பமா இருக்கு. உங்ககிட்ட அனுப்பட்டுமா?” சிபாரிசு பிறப்பது அந்த ஒரு பக்கக் குறிப்பிலிருந்து.

கையெழுத்து எதுவரை செல்லும்?

பேங்குக்குப் போகும் சி.எம்.ஏ. டேட்டா என்ற அட்டவணையில் முடிந்துபோன வருடங்களும் இருக்கும், வரப்போகும் வருடங்களும் இருக்கும். முடிந்த வருடத்தை ஆடிட்டர் தணிக்கை செய்து சொல்லலாம். வரப்போகும் வருடத்தின் விற்பனைக்கு அவர் ஜாமீன் நிற்க முடியாது. நடக்கும் என்று தான் உறுதி கூறுவதுபோல மதிப்பீட்டோடு தன் பெயரைச் சேர்ப்பதை அதே 1949 சட்டம் தவறு என்கிறது. ஆகவே ஊகங்கள் உரிமையாளருடையவை என்று எழுதிவிட வேண்டும்.

பேங்குக்கு ஒரு பேலன்ஸ் ஷீட், வருமான வரிக்கு ஒரு பேலன்ஸ் ஷீட் என்ற பழைய வித்தையும் இப்போது சுலபமில்லை. 2019 முதல் படிப்படியாக ஆடிட்டர் கையெழுத்திடும் சான்றிதழ்களுக்கும் தணிக்கை அறிக்கைகளுக்கும் யு.டி.ஐ.என். என்ற 18 இலக்க எண் கட்டாயமாகிவிட்டது. பேங்க் அதிகாரி இன்ஸ்டிடியூட்டின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால், கையெழுத்துப் போட்டவர் யார், என்ன ஆவணம், முக்கியத் தொகைகள் என்ன என்பது தெரிந்துவிடும். மோசடிக் கடன்களில் துணைபோன ஆடிட்டர், வழக்கறிஞர், மதிப்பீட்டாளர் பெயர்கள் இந்திய வங்கிகள் சங்கத்தின் எச்சரிக்கைப் பட்டியலுக்கும் போகின்றன. ஒரு கிளையில் கெட்ட பெயர் எடுத்தால் எல்லா பேங்கிலும் கதவு மூடும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

பணம் பற்றியும் தெளிவாக இருக்க வேண்டும். பார்ட்டியை அனுப்பியதற்காக மேனேஜருக்கோ, லோன் ஏஜென்ட்டுக்கோ, வேறு எந்த வெளியாளுக்கோ ஆடிட்டர் தன் கட்டணத்தில் பங்கோ கமிஷனோ கொடுக்கக் கூடாது. பொதுத்துறை பேங்க் அதிகாரி சட்டத்தின் கண்ணில் பொது ஊழியர். அவருக்கு அது லஞ்ச வழக்காகவே ஆகும். தணிக்கைக்கும் சான்றிதழுக்கும் ‘லோன் வந்தால் இவ்வளவு’ என்று பேசுவதும் கூடாது. கடன் கிடைத்தால்தான் கூலி என்றால், எந்தத் தொகையையும் நேர்மையாகக் குறைத்து எழுதக் கை வராது. மேலே பார்த்த ஆடிட்டர் 66 என்று எழுத முடிந்தது, அவர் கட்டணம் முன்கூட்டியே பேசியதாக, 75 வந்தாலும் வராவிட்டாலும் மாறாததாக இருந்ததால்தான்.

சங்கத்தில் யார் வருகிறார்கள்?

மேனேஜர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒரு கிளையில் சில வருடங்கள்தான் இருப்பார். புதியவர் வருவார், அவருக்குத் தெரிந்த ஆடிட்டர் வேறொருவராக இருக்கும். ஒரே மேனேஜரை நம்பித் தொழிலைக் கட்டியவருக்கு அந்த மாற்றல் உத்தரவு பெரிய அடி. சங்கம் அப்படியல்ல; அதன் உறுப்பினர்கள் ஊரை விட்டுப் போகப் போவதில்லை.

கோவையில் கொடிசியா 1969லிருந்து இருக்கிறது. பம்பு, மோட்டார் தயாரிப்பாளர்களுக்கு சீமா இருக்கிறது. இவை தவிர குறுந்தொழில் முனைவோருக்கும் தனித்தனித் தொழில்களுக்கும் பல சங்கங்கள். திருப்பூரில் பின்னலாடைக்கு ஏற்றுமதியாளர் சங்கமும் உள்நாட்டு உற்பத்தியாளர்களின் ‘சைமா’வும். இந்தக் கூட்டங்களில் ஆடிட்டருக்கு இடம் கிடைக்கும் தருணம், சட்டம் மாறும்போது வருகிறது.

2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களை நினைத்துப் பாருங்கள். குறு, சிறு தொழில்களிடம் வாங்கிய சரக்குக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் கொடுக்காவிட்டால், வாங்கியவர் அந்தச் செலவைப் பணம் கொடுக்கும் வருடத்தில்தான் கழித்துக்கொள்ள முடியும் என்ற வருமான வரி விதி அந்த நிதியாண்டுக்குத்தான் முதன்முதலாக அமலுக்கு வந்தது. தொழில் நகரங்களெங்கும் அதுவே பேச்சு. அப்படி ஒரு கூட்டத்தில் பட்டறைக்காரர் ஒருவர் எழுந்து இப்படிக் கேட்பார்: “ஏனுங்க சார், பெரிய கம்பெனி 120 நாள் கழிச்சுத்தான் செக் தர்றாங்க. சட்டத்தச் சொல்லிக் கேட்டா ஆர்டர நிறுத்திப்போடுவாங்களே, நாங்க என்ன பண்றது?”

சட்டப் பிரிவுகளை ஒப்பிக்கும் ஆடிட்டர் இங்கே தோற்றுவிடுவார். தொழில் தெரிந்தவர் வேறு மாதிரி சொல்வார்: “உங்க உத்யம் நம்பரை எல்லா பில்லிலும் அச்சடிங்க. இப்போ சண்டை போட வேண்டாம். மார்ச் முதல் வாரத்துல உங்க பாக்கிப் பட்டியலைத் தேதியோட அந்த கம்பெனியோட அக்கவுன்ட்ஸ் மேனேஜருக்கு அனுப்புங்க. 31ஆம் தேதி நிலுவையில இருந்தா வரி கூடறது அவங்களுக்கு. அவங்க ஆடிட்டரே அவங்களை உந்துவாரு. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, சரக்கை வாங்கி விக்கிற வியாபாரத்துக்கு இது பொருந்தாது. உற்பத்தி, ஜாப் ஒர்க் பண்றவங்களுக்குத்தான்.”

பேச்சு அங்கேயே முடிய வேண்டும். ‘மேற்கொண்டு விவரம் வேண்டுமானால் என் அலுவலகத்துக்கு வாருங்கள்’ என்று மேடையிலிருந்து அழைப்பது வேலை கேட்பதாகிவிடும். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது யாராவது தாமாக வந்து கார்டு கேட்டால் கொடுக்கலாம். பெரும்பாலும் அன்றைக்கு யாரும் கேட்கமாட்டார்கள். சில மாதம் கழித்து, ஜி.எஸ்.டி. நோட்டீஸ் ஒன்று வரும்போது “அன்னைக்குப் பேசுனாரே, அவரு நம்பர் இருக்குங்களா?” என்று சங்க அலுவலகத்துக்கு போன் போகும். சங்கச் செயலாளர் அந்த நம்பரைக் கொடுக்கத் தயங்காமல் இருக்க வேண்டும். அவருடைய கூச்சம் ஒன்றே ஒன்றுதான்: தன் உறுப்பினர்கள் ஐநூறு பேருக்கு நடுவில், ‘செயலாளர் சொன்ன ஆடிட்டர் ஏமாற்றிவிட்டார்’ என்ற பேச்சு வந்துவிடக் கூடாது.

சங்கத்தின் கணக்கைத் தணிக்கை செய்யும் வேலையும் ஒரு வாசல்தான். கட்டணம் சொற்பம், ஆனால் பொதுக்குழுவில் அத்தனை உறுப்பினர்கள் கையிலும் அந்தக் கணக்கு இருக்கும். கட்டட நிதி தனியாக, கண்காட்சி வரவு செலவு தனியாக, புரியும்படி போட்டிருந்தால் அதைவிட நல்ல அறிமுகம் கிடையாது. ஒரே எச்சரிக்கை: சங்கத்தில் பொருளாளராக இருப்பவர் அதன் தணிக்கையாளராக இருக்க முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

அதே ஹாலில் வேறு ஆடிட்டர்களும் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர்களில் ஒருவரின் கிளையன்ட் உங்களிடம் வந்தால், தணிக்கை வேலையை ஏற்பதற்கு முன்னால் பழைய ஆடிட்டருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். இது மரியாதை மட்டுமல்ல, சட்டம். நடைமுறையில் பெரிய பாதுகாப்பும்கூட. பழைய ஆடிட்டருக்கு ஃபீஸ் பாக்கி இருக்கிறதா, அல்லது அவர் மறுத்த எதையோ செய்து தரச் சொல்லி இங்கே வந்திருக்கிறார்களா என்பது அந்தக் கடிதத்துக்கு வரும் பதிலில் தெரிந்துவிடும்.

டாக்ஸ் பிராக்டிஷனரின் இடம்

ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் டாக்ஸ் பிராக்டிஷனர்கள் இந்த ஊர்களில் ஏராளம். சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் அல்லாதவர்களுக்கு இன்ஸ்டிடியூட்டின் விளம்பரத் தடை பொருந்தாது. சிறு பட்டறைகளின் முதல் அறிமுகம் பெரும்பாலும் அவர்களோடுதான்; மாதாமாதம் 11ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் ரிட்டர்னுக்காகப் போன் பேசுவதால் கிளையன்ட்டின் நாடித்துடிப்பு அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் வருமான வரித் தணிக்கை அறிக்கையில் அவர்கள் கையெழுத்திட முடியாது. விற்பனை 1 கோடியைத் தாண்டும்போது, அல்லது ரொக்கப் புழக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 10 கோடியைத் தாண்டும்போது, தணிக்கைக்கு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் தேவைப்படுகிறார்.

இந்த இரண்டு தரப்பும் ஒன்றை ஒன்று நம்பினால் கிளையன்ட் இரண்டு பக்கமும் போய் வருவார். பிராக்டிஷனர் தணிக்கைக்கு அனுப்பிய பட்டறையின் மாதாந்தர ரிட்டர்ன் வேலையை ஆடிட்டர் பிடுங்கிக்கொண்டால், அடுத்த பட்டறை வராது. கட்டணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளவும் வழியில்லை; அவரவர் வேலைக்கு அவரவர் நேரடியாகக் கிளையன்ட்டிடம் பில் போடுவதுதான் சரி.

வந்தவர்களை என்ன செய்வது?

சிபாரிசு பெருகும்போது வரும் ஆபத்து, எல்லோரையும் சேர்த்துக்கொள்வது. ஒரு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் வருடத்துக்கு 60 வருமான வரித் தணிக்கைகளுக்கு மேல் ஏற்கக் கூடாது என்று இன்ஸ்டிடியூட் வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பைத் தொடுவதற்கு முன்பே அலுவலகம் திணறத் தொடங்கும். அறிகுறி ஒன்று உண்டு: செயலாக்க மையத்திலிருந்து குவரிகள் வர ஆரம்பிப்பது. கூட்டல் தவறு, போன வருடத் தொகை இந்த வருடம் மாறியிருப்பது, யு.டி.ஐ.என். விட்டுப்போவது. இவை வந்தால் ஜூனியர்கள் ஃபைலை முடிக்கிறார்கள், ஆடிட்டர் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார் என்று பொருள். மேனேஜர் இதை வெளியே சொல்லமாட்டார். அடுத்த பார்ட்டியை வேறு இடத்துக்கு அனுப்புவார், அவ்வளவுதான்.

மறுக்க வேண்டியவர்களை அடையாளம் காண்பதும் கடினமில்லை. செப்டம்பர் 25ஆம் தேதி வந்து 30ஆம் தேதிக்குள் தணிக்கை முடித்துத் தரச் சொல்பவர். பழைய ஆடிட்டரின் பெயரைச் சொல்லத் தயங்குபவர். ஜி.எஸ்.டி. லாகினைக் கொடுத்துவிட்டு பேங்க் ஸ்டேட்மென்ட்டை மட்டும் தர மறுப்பவர். இவர்களை அனுப்பி வைத்தவர் மேனேஜராகவே இருந்தாலும், “சார், இது என்னால ஆகாதுங்க, காரணம் இது” என்று திருப்பிச் சொல்லிவிடுவது நல்லது. அப்படி ஒரு முறை சொன்ன ஆடிட்டரின் அடுத்த கையெழுத்தை மேனேஜர் கூடுதலாகவே நம்புவார்.

கிளையன்ட் சேர்ந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. பலர் கோட்டை விடுவது அதில்தான். கடன் வாங்கிய பட்டறை தவணையில் தடுமாறத் தொடங்கினால் ஆடிட்டருக்கு முன்கூட்டியே தெரியும்: ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாமதமாகும், பி.எஃப். கட்டுவது தள்ளிப்போகும், ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் திடீரென்று ஸ்டாக் ஏறும். தவணை தவறி 30 நாள், 60 நாள் என்று பேங்க் அட்டவணைகளில் கணக்கு இறங்குவதற்குள், உரிமையாளரை அழைத்துக்கொண்டு போய் மேனேஜரிடம் நிலைமையைச் சொல்ல வைத்தால் தவணையைத் திருத்தியமைக்க வழி இருக்கும். 90 நாள் தாண்டிய பிறகு மேனேஜர் கையில் பெரிதாக எதுவும் இருக்காது. உரிமையாளருக்குத் தெரியாமல் ஆடிட்டரே பேங்குக்குப் போய்ச் சொல்வது மட்டும் கூடாது. கிளையன்ட்டின் ரகசியத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதும் ஒழுங்கீனம்தான்.

தொழில் செய்பவர்கள் பக்கமிருந்தும் ஒரு வார்த்தை. மேனேஜர் ஓர் ஆடிட்டரின் பெயரைச் சொன்னால் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு மூன்று பெயர் கேட்கலாம். ஆடிட்டரிடம் போய் உட்கார்ந்ததும் மூன்று கேள்வி போதும். கட்டணம் எவ்வளவு, அது கடன் தொகையைப் பொறுத்து மாறுமா? கேட்கும் கடன் எனக்கு உண்மையில் தேவைதானா? ஃபைலை நீங்களே படிப்பீர்களா? இரண்டாவது கேள்விக்கு, ரிட்டர்ன்களைப் பார்க்காமலேயே “வாங்கிரலாமுங்க, கவலைய விடுங்க” என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். “ஆறு மாச ரிட்டர்னும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்” என்பவரிடம் காத்திருங்கள். அவர் சொல்லப்போகும் தொகை நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கடனை நீங்கள் அடைத்து முடிப்பீர்கள்.